ஆறாம் நாளில் உடையும் அட்டவணை: மூன்று நாள் நோட்டும் அதன் கோளாறுகளும்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் வீடுகளில் பீரோ கதவைப் பார்த்தால் தெரிந்துவிடும். சார்ட் தாளில் முப்பது கட்டம் போட்டு, தமிழுக்குப் பச்சை, பொது அறிவுக்கு நீலம், கணக்குக்குச் சிவப்பு என்று மை மாற்றி எழுதிய அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கும். முதல் ஐந்து கட்டங்களில் டிக் இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது.

என் தங்கை வீட்டில் அப்படி மூன்று தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவளுக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மகன், பால்வாடிக்குப் போகும் ஒரு மகள், ஷிப்ட் மாறி மாறி வேலைக்குப் போகும் கணவர், சர்க்கரை நோயுள்ள மாமியார். நானும் வேலை பார்த்துக்கொண்டே இந்தத் தேர்வை எழுதித்தான் இப்போதைய நாற்காலிக்கு வந்தேன். அப்போது எனக்குக் கைகொடுத்தது சார்ட் தாள் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று நாளைக்கு மட்டும் எழுதி, தினமும் ஒரு நாள் நகர்த்திக்கொண்டே போனதுதான். அதை அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதிலும் என்னென்ன கோளாறு வரும் என்று தெரிந்தது. எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

அறிகுறி 1: மாத அட்டவணை முதல் வாரத்திலேயே உடைகிறது, மறுபடி எழுதினாலும் உடைகிறது

முதலில், குறை சோம்பலில் இருக்கிறதா கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கையின் முதல் தாளில் நாளுக்கு 4 மணி நேரம், 30 நாளுக்கு 120 மணி நேரம். முதல் ஐந்து நாளும் அவளுக்குக் கிடைத்தது மும்மூன்று மணி நேரம்தான். ஆக 5 மணி நேரம் பாக்கி. ஆறாம் நாள் மகனுக்குக் காய்ச்சல். நான்கு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. இன்னும் 16 மணி நேரம் பாக்கி. பத்தாம் நாள் காலையில் மொத்தப் பாக்கி 21 மணி நேரம், மீதி நாட்களும் 21. அட்டவணையைக் காப்பாற்ற வேண்டுமானால் இனி நாளுக்கு 5 மணி நேரம் படிக்க வேண்டும். நான்கே கிடைக்காத வீட்டில் ஐந்துக்கு எங்கே போவது? அவள் தாளைக் கிழிக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டினாள். அதிலும் நாளுக்கு நான்கு மணி நேரம்தான்.

மாத அட்டவணையில் தவறிய ஒவ்வொரு நாளும் கடனாகி அடுத்த நாளின் தலையில் ஏறுகிறது. காய்ச்சல் போய்விடும்; கடன் போகாது. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மாற்று வழி இது. நோட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, வரப்போகும் மூன்று நாளை மட்டும் எழுதுங்கள். மறுநாள் இரவு, முடிந்த நாளை அடித்துவிட்டு, மற்ற இரண்டையும் இடப்பக்கம் நகர்த்தி, புதிதாக ஒரு மூன்றாம் நாளைச் சேருங்கள். கண்ணுக்கு முன்னால் எப்போதும் மூன்று நாள் இருக்கும். மூன்றுக்கு மேல் இருக்காது.

மூன்று பத்தியையும் ஒரே மாதிரி நிரப்பக் கூடாது. தங்கை ஒரு திங்கட்கிழமை இரவு எழுதிய பக்கம் இப்படி இருந்தது.

செவ்வாய்: காலை 5.15, பத்தாம் வகுப்புக் குடிமையியலில் ‘நடுவண் அரசு’, குடியரசுத் தலைவர் பகுதி மட்டும். பிற்பகல் 2.00, மகள் தூங்கும்போது, பிரித்தெழுதுக 30.

புதன்: நாடாளுமன்றம் பகுதி. தனிவட்டி 10 கணக்கு. (நேரம் எழுதவில்லை.)

வியாழன்: பழைய வினாத்தாள், தமிழ்ப் பகுதி 100 வினா. பக்கத்திலேயே சிறிய எழுத்தில்: ‘நகல் எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை யார் பார்ப்பது?’

முதல் நாளுக்கு மணி உண்டு, ஏனென்றால் நாளை வீட்டில் என்ன நடக்கும் என்பது ஓரளவு தெரியும். இரண்டாம் நாளுக்கு வரிசை மட்டும் போதும். மூன்றாம் நாள் படிப்பதற்காக எழுதுவதே இல்லை, ஏற்பாட்டுக்காக எழுதுவது. வியாழக்கிழமை வினாத்தாள் போட வேண்டும் என்பது திங்களன்றே கண்ணில் பட்டதால்தான், கணவருக்கு அன்று எந்த ஷிப்ட் என்று கேட்கவும், கடைக்குப் போகிறபோது நகல் எடுக்கவும் அவளுக்கு இரண்டு நாள் கிடைத்தது. ஒரே ஒரு நாளைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தவறிப்போகும். ஒரு வாரத்துக்கு எழுதுகிறவர்கள் ஐந்தாம் நாளுக்கு எழுதுவது பெரும்பாலும் கற்பனை. அதனால்தான் மூன்று.

அறிகுறி 2: மூன்று நாள் நோட்டிலும் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது

மேலே சொன்ன செவ்வாய்க்கிழமை மகளுக்கு வாந்தி. காலை 5.15 பாடம் முடிந்தது, பிரித்தெழுதுக முடியவில்லை. அன்றிரவு தங்கை அதை அப்படியே புதன் பத்தியின் தலையில் எழுதினாள். புதனன்று மூன்று வேலை, இரண்டுதான் முடிந்தது. தனிவட்டி வியாழனுக்குப் போனது. இதையும் மாத அட்டவணை ஆக்கிவிட்டாள் என்று அப்போது புரிந்தது.

இந்த முறையின் உயிர்நாடியான விதி இதுதான்: மீந்தது நாளைக்குப் போகாது, இருப்புக்குத் திரும்பும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் படிக்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை இருப்புப் பக்கம் என்பேன். இரவு உட்காரும்போது, முடியாமல் போனதன் மேல் கோடு போடுங்கள். இருப்புப் பக்கத்தில் அது இன்னும் டிக் இல்லாமல் காத்திருக்கும். பிறகு அடுத்த நாட்களுக்கு எது வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துப் புதிதாகத் தேர்ந்தெடுங்கள். நேற்று மீந்ததையே மறுபடி தேர்ந்தெடுக்கலாம், தவறில்லை. ஆனால் அது தானாக வந்து உட்காரக் கூடாது.

கேட்பதற்குச் சொல்விளையாட்டு மாதிரி இருக்கும். தங்கையும் அப்படித்தான் சொன்னாள்.

“எப்படியும் படிக்க வேண்டியதுதானே, அண்ணா? நாளைக்கு எழுதினால் என்ன, கடைசிப் பக்கத்தில் இருந்தால் என்ன?”

“நாளைக்கு இடம் இரண்டுதான். மூன்றாவதை எழுதினால் எதை எடுக்கப் போகிறாய் என்று நீ முடிவு செய்ய வேண்டும். தானாக நகர்த்தினால் அந்த முடிவை நீ எடுப்பதே இல்லை.”

அறிகுறி 3: ஒரு நாளைக்கு எழுதியது ஒரு நாளும் முழுதாக முடிவதில்லை

இதற்கு மருந்து எண்ணிப் பார்ப்பதுதான். நாற்பது நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு வேலையை ஓர் உருப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் திட்டத்தை மறந்துவிட்டு, உண்மையில் தினம் எத்தனை உருப்படி முடிந்தது என்று மட்டும் குறியுங்கள். தங்கைக்கு வந்த எண்கள்: 2, 3, 0, 2, 1, 3, 2. மொத்தம் 13, நாளுக்கு இரண்டுகூட முழுதாக இல்லை. தொடக்கத்தில் அவள் எழுதிவந்ததோ நாளுக்கு ஐந்து.

நமக்கு மட்டும் வரும் கிறுக்கு இல்லை இது. ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் ஏறக்குறைய 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்குச் சற்று மேல். முன்பு இதே போன்ற வேலை எத்தனை நாள் இழுத்தது என்பது அவரவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வரப்போகும் வேலையை நினைக்கும்போது அந்த நினைவு கணக்கில் சேர்வதில்லை. அதனால்தான் மனதைக் கேட்காமல் குறித்த எண்ணைக் கேட்கச் சொல்கிறேன்.

வந்த சராசரியை முழு எண்ணாக்கி அதையே எழுதுங்கள். தங்கைக்கு இரண்டு. கூடுதல் நேரம் கிடைக்கும் நாளில் இருப்புப் பக்கத்திலிருந்து மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறுதோறும் எண்ணை மறுபடி பாருங்கள். பள்ளி விடுமுறை மாதத்தில் அது இறங்கும், இறங்கட்டும்.

அறிகுறி 4: ஒரே பாடம் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது, ஒருமுறையும் தொடப்படுவதில்லை

இருப்புப் பக்கத்தில் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்தும் டிக் விழவில்லையென்றால் அதை நான்காம் முறை எழுதாதீர்கள். நேரக்குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். அதே நாட்களில் வேறு இரண்டு உருப்படி முடிந்திருக்கிறதே.

தங்கைக்கு அப்படி நின்றுபோனது ‘காலமும் வேலையும்’. நான்கு புள்ளி. ஒரு கணக்கை என் முன்னால் போடச் சொன்னேன்: ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 18 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? பன்னிரண்டில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு என்று எழுதினாள். கூட்ட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. அவளுக்கு வராதது காலமும் வேலையும் இல்லை. மீச்சிறு பொது மடங்கு. 12க்கும் 18க்கும் அது 36. வேலையை 36 துண்டு என்று வைத்தால் முதலாமவர் நாளுக்கு 3 துண்டு, இரண்டாமவர் 2 துண்டு, சேர்ந்து 5. ஆக 36ஐ 5ஆல் வகுத்தால் ஏழேகால் நாளுக்குக் கொஞ்சம் குறைவு, சரியாக 7.2 நாள். இதைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது மகிழ்ச்சி இல்லை, எரிச்சல். “இதற்கா பத்து நாள் பயந்துகொண்டிருந்தேன்?” என்றாள்.

இருப்புப் பக்கத்தில் ‘காலமும் வேலையும்’ என்ற வரியை அடித்துவிட்டு இரண்டு வரி எழுதினோம்: ‘மீச்சிறு பொது மடங்கு 10 கணக்கு’, ‘காலமும் வேலையும், இருவர் சேரும் கணக்கு 5’. இரண்டும் அந்த வாரமே முடிந்தன.

நகராத பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம்தான் இருக்கும். நாற்பது நிமிடத்தில் அடங்காத அளவுக்குப் பெரிதாக எழுதியிருப்போம். அதற்கு முந்தைய படி தெரியாமல் இருக்கும். அல்லது புத்தகமே கையில் இருக்காது. மூன்றாவதென்றால் ‘புத்தகம் வாங்குதல்’ என்பதுதான் உருப்படி, படிப்பது இல்லை.

அறிகுறி 5: நாட்கள் நன்றாக ஓடுகின்றன, ஆனால் தொலைவில் இருந்தவை திடீரென்று வந்து நிற்கின்றன

இது இந்த முறைக்கே உரிய நோய். மூன்று நாளைத் தாண்டிப் பார்வை போகாது என்றால் நான்காம் நாள் இருப்பது தெரியாது. தங்கை இதில் ஒருமுறை மாட்டினாள். அறிவிப்பு வந்து விண்ணப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது, தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ் நினைவில் இருந்தது; நோட்டில் இல்லை. கடைசி வாரத்தில் பள்ளிக்குப் போனபோது தலைமை ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். எப்படியோ கிடைத்தது, ஆனால் அந்த வாரம் படிப்பு இல்லை.

அதற்காக இன்னொரு பக்கம், கெடுப் பக்கம். அதில் கடைசி நாளை எழுதுவது போதாது. தொடங்க வேண்டிய நாளைப் பின்னோக்கி எண்ணி எழுத வேண்டும். விண்ணப்பக் கடைசி நாள் 24 என்றால், கடைசி இரண்டு நாள் இணையதளத்தில் நெரிசலாக இருக்கும் என்று 21இல் முடிக்க நினைப்போம். சான்றிதழுக்கு ஒரு வாரமும், தலைமை ஆசிரியர் இல்லாமல் போனால் இன்னும் மூன்று நாளும் வைத்தால் பள்ளிக்குப் போக வேண்டியது 11ஆம் தேதி. கெடுப் பக்கத்தில் ‘11, பள்ளி’ என்றுதான் இருக்க வேண்டும். இரவு மூன்றாம் நாளை எழுதும் முன் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். தேதி வந்திருந்தால் அது முதலில் உட்காரும். மீதி இடத்துக்குத்தான் பாடம்.

திருப்பிப் பார்த்தலும் இதே பக்கத்தில்தான் வர வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் படித்த பாடம் மூன்று நாள் பார்வைக்குள் தானாகத் திரும்பி வராது. ஒன்றை முடித்து டிக் போடும்போதே ஏழாம் நாளையும் முப்பதாம் நாளையும் கெடுப் பக்கத்தில் குறித்துவிடுங்கள். அப்போது பாதி நேரத்தில் முடியும்.

இன்னொரு சரிவும் இருக்கிறது. தினமும் பிடித்ததையே தேர்ந்தெடுப்போம். தமிழ்ப் பகுதியில் 100 வினா, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், தமிழையே படித்துக்கொண்டிருப்பதற்கு நல்ல சாக்கும் கிடைக்கிறது. தங்கை முதல் இரண்டு வாரத்தில் முடித்த 25 உருப்படியில் 19 தமிழ். ஞாயிறன்று இருப்புப் பக்கத்தின் டிக்குகளைப் பகுதிவாரியாக எண்ணுங்கள். தேர்வின் விகிதத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தால், அடுத்த வாரம் தினமும் இரண்டில் ஒன்று பின்தங்கிய பகுதியிலிருந்து.

அறிகுறி 6: இரவு எழுதியதை மறுநாள் மதியத்துக்குள் நான்கு முறை மாற்றியாகிறது

இடையூறு வந்து மாறினால் அது இயல்பு. ஆனால் நடப்பு நிகழ்வுகள் வீடியோ ஒன்று வந்தது, தோழி வேறு வினாத்தாள் அனுப்பினாள் என்று மாறினால் நோட்டு நடுங்குகிறது என்று பொருள். தொழிற்சாலைகளில் நகரும் கால அளவுக்கு உற்பத்தித் திட்டம் போடுகிறவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே மிக அருகிலுள்ள காலப்பகுதியை உறையவைத்துவிடுவார்கள். புதிய ஆர்டர் வந்தால் அதற்கு அப்பால்தான் சேரும். நீங்களும் முதல் நாள் பத்தியை இரவே பூட்டிவிடுங்கள். பகலில் புதிதாக வந்ததெல்லாம் இருப்புப் பக்கத்துக்கு. வீடு ஒரு உருப்படியைப் பறித்துக்கொண்டால் அதை விட்டுவிடலாம். அந்த இடத்தில் வேறு ஒன்றை நுழைக்கக் கூடாது.

நாளே முழுதாகப் பறிபோகும்போது பயன்பட, பத்து நிமிட வேலை ஒன்றை நோட்டின் அட்டையில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். தங்கையின் அட்டையில் ‘எதிர்ச்சொல் 10’. மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டே முடித்திருக்கிறாள். இதை உருப்படிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எண்ணிக்கை பொய் சொல்லும்.

அறிகுறி 7: இரவு எழுதுவதற்கே அரை மணி நேரம் ஆகிறது

இருப்புப் பக்கத்தில் உருப்படிகள் பெரிதாக இருக்கின்றன. ஞாயிறன்று பத்து உருப்படியை நாற்பது நிமிட அளவுக்கு வெட்டி வைத்துவிட்டால் வார நாளில் எடுத்து எழுதுவது மட்டும்தான். மை மாற்றி எழுதுகிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள்.

அறிகுறி 8: ஒரு வாரத்துக்கு மேல் நோட்டையே திறக்கவில்லை

வீட்டில் சாவு, திருமணம், பெரிய நோய் என்று வந்தால் இப்படி ஆகும். விட்ட நாட்களை நிரப்ப முயலாதீர்கள், பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். முதல் இரவு கெடுப் பக்கத்தை மட்டும் பார்த்து, தாண்டிப்போன தேதி எது, இன்னும் பிடிக்கக்கூடியது எது என்று பிரியுங்கள். தாண்டிய திருப்புதல்களில் பிந்தையவை ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இருப்புக்குத் தள்ளுங்கள். முதல் மூன்று நாளுக்கும் நாளுக்கு ஒரே ஓர் உருப்படி போதும், அதுவும் ஏற்கெனவே தெரிந்த பாடம். நான்காம் நாளிலிருந்து பழைய எண்ணுக்குத் திரும்பலாம்.

எங்கே இந்த முறை உதவாது

தேர்வுக்கு முந்தைய கடைசி மூன்று வாரம் வேறு கணக்கு. 200 வினாவையும் 3 மணி நேரத்தில் எழுதிப் பார்க்கும் முழு மாதிரித் தேர்வுக்கு நாற்பது நிமிடத் துண்டு போதாது. ஓர் அரை நாளை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். அப்படி மூன்று அல்லது நான்கு தேதிகளைக் கெடுப் பக்கத்தில் உறுதியாகப் பதியுங்கள். அவை மட்டும் நகராது. அவற்றுக்கு இடைப்பட்ட நாட்கள் பழையபடி மூன்று மூன்றாகவே ஓடட்டும். இருப்புப் பக்கத்தில் புதிய பாடம் சேர்ப்பதை அப்போது நிறுத்திவிட வேண்டும்.

தங்கையின் பீரோவில் இப்போது அந்த மூன்று தாளும் இல்லை. மகன் அவற்றின் பின்பக்கத்தில் வாய்ப்பாடு எழுதிப் பழகுகிறான். நேற்றிரவு அவள் நோட்டில் மூன்றாம் நாள் பத்தியில் இருந்தது இவ்வளவுதான்: ‘மாநில அரசு, ஆளுநர் பகுதி. அன்று அத்தைக்குக் கண் பரிசோதனை. புத்தகத்தைப் பையில் போட வேண்டும்.’